சாரதி வழி மாறினார் என்பதால் கம்பனியின் பொறுப்பு தீராது

மலையகப் பெருந்தோட்டக் கம்பனிகளின் பணிப்பாளர்களுக்கும் தோட்ட முகாமையாளர்களுக்கும்,

வணக்கம். மலையக நீதிமன்றங்களில் விபத்து நட்டஈட்டு வழக்குகளைப் பேசும் சட்டத்தரணி ஒருவர் எழுதும் மடல் இது. விபத்துக்குப் பிறகு உங்கள் அலுவலகங்களிலிருந்து வரும் ஒரு கடிதம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. "சாரதி எமது அறிவுறுத்தலை மீறித் தன் சொந்தத் தேவைக்காகச் சென்றமையால் நிர்வாகம் பொறுப்பேற்காது." இதைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கே போடாமல் திரும்பிய குடும்பங்கள் உண்டு. அந்தக் கடிதம் சொல்வது சட்டம் அல்ல. வேலையாள் வேலையின் போக்கில் செய்யும் தவறுக்கு முதலாளியே பொறுப்பு என்பதுதான் சட்டம்.

அண்மையில் என்னிடம் வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். கரட்டும் லீக்ஸும் போட்டுப் பிழைப்பவர். தோட்டத்தில் பெயர் பதிந்தவர் அல்லர். பின்னேரம் கொழுந்து மடுவத்தில் மூட்டைகளை ஏற்றிய லொறி நேரே பெக்டரிக்குப் போகவில்லை. சாரதி அரைக் கட்டை தள்ளியிருக்கும் தன் லயத்துக்குப் போய், ஒரு மூட்டை கோதுமை மாவை இறக்கிவிட்டுத் திரும்பினார். பெக்டரிப் பாதைக்கு வந்து சேரும் முடக்கில், ஓரமாக நடந்துகொண்டிருந்த இவர்மேல் மோதினார். தொடை எலும்பு முறிந்தது. இன்னும் இவரால் குந்தியிருந்து களை பிடுங்க முடியாது.

தோட்டம் இரண்டு காரணம் சொன்னது. லொறிக் கதவின் உட்பக்கத்தில் "குறித்த பாதையை விட்டுச் செல்லக் கூடாது" என்று எழுதி ஒட்டியிருக்கிறது. அவர் போனதோ தன் வீட்டு வேலைக்கு.

முதற் காரணத்துக்கு 1862லேயே பதில் வந்துவிட்டது. லண்டனில் ஒரு குதிரை பஸ் கம்பனி, மற்ற பஸ்களோடு ஓட்டப்போட்டி போடவோ வழிமறிக்கவோ கூடாது என்று சாரதிகளுக்கு அட்டையில் அச்சடித்தே கொடுத்திருந்தது. ஒரு சாரதி போட்டிக் கம்பனியின் பஸ்ஸை மறித்துக் கவிழ்த்தார். லிம்பஸ் என்ற அந்த வழக்கில் கம்பனியே பொறுப்பு என்று தீர்ப்பானது. பஸ் ஓட்டுவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அதைத்தான் அவர் தவறான முறையில் செய்தார். எந்த வேலை என்பதற்கு எல்லை போடும் தடை வேறு, அந்த வேலையை எப்படிச் செய்வது என்று சொல்லும் தடை வேறு. இரண்டாவது வகைத் தடையை மீறினாலும் ஆள் வேலையின் போக்கில்தான் இருக்கிறார். இல்லையென்றால் "கவனயீனமாக ஓட்டாதே" என்று ஒரு வரி ஒட்டிவிட்டு எந்த முதலாளியும் தப்பிவிடலாமே.

இரண்டாவது காரணம் கொஞ்சம் கனமானது. அதை ஒதுக்கிவிட முடியாது. நமது நாட்டில் இத்தகைய தீங்குகளுக்கு அடிப்படை உரோம டச்சுச் சட்டம். அதே சட்டம் வழங்கும் தென்னாப்பிரிக்காவின் மேன்முறையீட்டு மன்றம் 1945இல் ஃபெல்ட்மன் எதிர் மால் வழக்கில் இதை ஆராய்ந்தது. பொதிகளை ஒப்படைத்த சாரதி தன் சொந்தக் காரியமாகப் போய், பியர் குடித்து, வாகனத்தைத் திருப்பிக் கொண்டுவரும் வழியில் ஒருவரை மோதிக் கொன்றார். பிள்ளைகள் தகப்பனை இழந்தார்கள். பெரும்பான்மை நீதியரசர்கள் முதலாளியே பொறுப்பு என்றார்கள். சொந்தக் காரியம் பார்த்த நேரத்திலும் வாகனத்தை முதலாளிக்காகப் பார்த்துக்கொள்ளும் கடமையை அவர் முழுதாகக் கைவிடவில்லை என்பதே காரணம்.

நம்முடைய லொறியை அதோடு வைத்துப் பாருங்கள். கொழுந்து பின்னால் ஏறியிருக்கிறது, பெக்டரிக்குப் போய்ச் சேரவேண்டியது பாக்கி, விலகியது அரைக் கட்டைதான், மோதியபோது வண்டி வேலைப் பாதையை நோக்கித் திரும்பிவிட்டது. இதைச் சொந்த உலா என்று சொல்ல நான் ஒரு வழியும் காணவில்லை.

எல்லை இல்லாமல் பேசவில்லை. அதே சாரதி ஞாயிறு இரவில் சொல்லாமல் சாவியை எடுத்து, கல்யாண வீட்டுக்கு ஆள் ஏற்றிப் போய் மோதியிருந்தால், சாரதி உங்கள் வேலையாள் என்பதை மட்டும் வைத்து உங்களைப் பிடிக்க எனக்கு வழி இருக்காது. சாவியைக் கண்ட இடத்தில் போட்டு வைத்தீர்களா என்பது உங்கள் சொந்தக் கவனயீனம் பற்றிய வேறு கேள்வி. லொறியும் சாரதியும் வெளிக் குத்தகைக்காரருடையதாய் இருந்தாலும் கதை மாறும். அப்போது யார் யாருக்குக் கட்டளையிட்டார் என்று பார்க்கவேண்டும்.

ஆகவே எல்லாம் விவரத்தில் நிற்கிறது. அந்த விவரம் உங்கள் கையில் இருக்கிறது. லொறியின் ரன்னிங் சாட்டில் புறப்பட்ட நேரம், மீற்றர் இலக்கம், போன இடம் எல்லாம் இருக்கும். மடுவத்துக் கொழுந்துக் கணக்கில் ஏற்றிய நேரம் இருக்கும். இந்த வழக்கில் அந்த நாளின் சாட் தாளைக் கேட்டு மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. வழக்குப் போட காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் தருவது 2 ஆண்டுகள்தான். கடிதம் போய் வருவதிலேயே அது கரைகிறது. ஊன்றுகோலில் நடப்பவருக்கு அது தெரியாது, உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரியும்.

ஆகவே கேட்கிறேன். அந்த அச்சுக் கடிதத்தை அனுப்புவதை நிறுத்துங்கள். விபத்து நடந்த அன்றே சாட் தாளையும் கொழுந்துக் கணக்கையும் எடுத்துப் பூட்டி வையுங்கள். காயப்பட்டவர் கேட்டால் பிரதியும், காப்புறுதிக் கம்பனியின் பெயரும், பத்திர இலக்கமும் ஒரு மாதத்துக்குள் கொடுங்கள். சாரதி வேலையின் போக்கில் இருக்கவில்லை என்று உண்மையாகவே நினைத்தால், எந்த விவரத்தை வைத்து அப்படி நினைக்கிறீர்கள் என்பதை எழுதுங்கள்.

இப்படிக்கு,
மலையகச் சட்டத்தரணி ஒருவர்