கிருமிக்குக் கால் கிடையாது

அன்புள்ள செல்வி,

அம்மா எழுதுகிறேன். அக்டோபர் 15, கைகழுவும் தினத்துக்கு உன் வகுப்புப் பிள்ளைகள் போட ஒரு குட்டி நாடகம் வேண்டும் என்று கேட்டாயே, எழுதிவிட்டேன். போனிலேயே சொல்லியிருப்பேன். நீ பஸ்ஸில் நின்றுகொண்டு "ம்ம், ம்ம்" என்பாய், பாதி காதில் விழாது. அதனால்தான் இந்தக் கடுதாசி.

வேலையில் இருந்தபோது இதை மூன்று தடவை போட்டிருக்கிறேன். முதல் தடவை சொதப்பல்தான். கிருமி வேஷம் போட்ட நாலு பையன்கள் கறுப்புச் சட்டை, அட்டைக் கொம்பு, அட்டைக் கத்தியோடு மேடை முழுக்க ஓடினார்கள். ஒரே கைதட்டல். மறுநாள் மூன்றாம் வகுப்பில், "சளிக்கிருமி நம்மகிட்ட எப்படிடா வருது?" என்று கேட்டேன். "ஓடி வந்து குத்தும் டீச்சர்" என்றான் ஒருவன். அவனைச் சொல்லி என்ன செய்ய, ஓடவிட்டது நான்.

அதற்குப் பிறகு ஒத்திகையில் ஒரே சட்டம் வைத்தேன். கிருமிக்குக் கால் கிடையாது. யாராவது தொட்டால்தான் நகரலாம், தொடாவிட்டால் சிலைதான். பையன்களுக்கு முதலில் பிடிக்கவில்லை. ஆனால் சிரிப்பெல்லாம் அந்தக் காத்திருப்பில்தான் வந்தது.

குண்டு, பொடி என்று இரண்டு கிருமிகள். மீனா, பாபு, காற்று, தண்ணீர், சோப்பு என்று இன்னும் ஐந்து பேர். கதவுக்குப் பதில் தாழ்ப்பாள் வரைந்த அட்டை போதும்.

(மீனா நடந்து வருகிறாள். குண்டுவும் பொடியும் அவள் முதுகைப் பிடித்தபடி குனிந்து வருகிறார்கள்.)

மீனா: ஆ... ஆ... அச்சூ! (உள்ளங்கையால் மூக்கைப் பொத்துகிறாள். குண்டு அந்தக் கையில் ஒட்டிக்கொள்கிறான். காற்று ஒரு துப்பட்டாவை நீட்ட, அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு பொடி மெதுவாக மேடையைச் சுற்றுகிறான்.)

குண்டு: அப்பாடா, வெளியே வந்தாச்சு! ஆனா எனக்கு நடக்கத் தெரியாதே.

(மீனா தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு போகிறாள். குண்டு தாழ்ப்பாளிலேயே தங்கிவிடுகிறான்.)

குண்டு: போயிட்டாளா? இனிமே அடுத்த வண்டி வரணும். (கொட்டாவி விடுகிறான். பாபு வந்து தாழ்ப்பாளைத் தொடுகிறான்.) வந்துடுச்சு, வந்துடுச்சு! மூக்கு ஸ்டேஷன் எப்போங்க வரும்?

பாபு: கண்ணு அரிக்குதே... (கையைக் கண்ணருகே கொண்டுபோகிறான்.)

குண்டு: கண்ணு ஸ்டேஷனா? அங்கேயும் உள்ளே போக வழி இருக்கு, இறங்கிக்கிறேன்!

பாபு: (கையை இறக்கி) சாப்பாட்டு மணி அடிச்சாச்சு. கை கழுவிட்டு வரேன்.

(தண்ணீர் வந்து குண்டுவின் தோளில் வழுக்கிக்கொண்டு போகிறாள்.)

குண்டு: ஹிஹி, கூசுது! வெறுந்தண்ணிதானே, நல்லா கழுவு.

சோப்பு: நான் வரட்டுமா? (ஒரு கையால் குண்டுவையும் மறு கையால் தண்ணீரையும் பிடிக்கிறாள்.)

குண்டு: ஏய், யாரு நீ? விடு!

சோப்பு: பிசுக்குக்கு ஒரு கை, தண்ணிக்கு ஒரு கை. பாபு, தேய்!

எல்லாரும்: அ... ஆ... இ... ஈ...

குண்டு: (ரகசியமாக) கட்டைவிரலுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிறேன். அங்கே யாரும் தேய்க்க மாட்டாங்க.

(பாபு கட்டைவிரலை மறு கையால் பொத்திச் சுழற்றுகிறான். குண்டு சுற்றிச் சுற்றி வருகிறான். இரண்டாம் முறை ஃ வந்ததும் தண்ணீர் ஓட, சோப்பு இழுபட, அவள் பின்னால் குண்டுவும் இழுபட்டு மேடையை விட்டுப் போகிறான். பாபு சுத்தமான கைக்குட்டையில் துடைத்து இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறான்.)

அவ்வளவுதான், ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

சோப்புக்கு யாராவது கத்தி கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிடாதே. நம் கையில் எப்போதும் கொஞ்சம் எண்ணெய்ப்பசை இருக்கும், கிருமி அதில்தான் ஒட்டியிருக்கும். வெறுந்தண்ணீர் கொஞ்சத்தைக் கொண்டுபோகும், மிச்சம் வழுக்கிவிட்டு நிற்கும். சோப்பின் ஒரு முனை பிசுக்கைப் பிடிக்கும், மறு முனை தண்ணீரைப் பிடிக்கும். மூன்று பிள்ளைகள் கைகோத்து ஓடுவது அதற்காகத்தான். ஃபுளூ, கொரோனா மாதிரி கொழுப்புறை போர்த்திய கிருமி என்றால் சோப்பு அந்த உறையையே கிழித்துவிடும். சாதாரண ஜலதோஷக் கிருமிகளில் பலவற்றுக்கு அந்த உறையே கிடையாது, அவற்றைத் தேய்த்துக் கிளப்பி அடித்துக்கொண்டு போகவிடுவதுதான் வழி. எட்டு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் வேண்டாம், கைகோத்தது ஞாபகம் இருந்தால் போதும்.

அ முதல் ஃ வரை ஏன் என்று கேட்பாய். கையைத் தேய்க்க இருபது விநாடி வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னால் ரயில் வேகத்தில் இருபதைத் தொட்டுவிடுகிறார்கள். உயிரெழுத்தை நிதானமாக இரண்டு முறை சொன்னால் ஏறக்குறைய சரியாக வரும். நீ கடிகாரத்தை வைத்து ஒரு தடவை பார்த்துக்கொள்.

நாடகம் முடிந்ததும் பிள்ளைகள் கையிலேயே செய்து காட்டு. இரண்டாம் தடவை நான் தேங்காய் எண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்துத் தடவினேன். சோப்புப் போட்டார்களோ இல்லையோ, மஞ்சள் சிவப்பாகிவிட்டது. சோப்பில் இருக்கிற காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை பார். "டீச்சர், கிருமிக்கு ரத்தம் வருது!" என்று ஒரே கூச்சல். கழுவி முடித்தும் கறை போகவில்லை, நன்றாகக் கழுவின பிள்ளையும் அழுக்குக் கையாகத் தெரிந்தது. மூன்றாம் தடவை பட்டையை நைஸாகப் பொடித்து, எண்ணெய் தடவின கையில் ஒரு சிட்டிகை தூவினேன். ஒருத்தி கையில் மட்டும் தூவி, நாலு பேருக்கு வரிசையாகக் கைகொடுக்கச் சொன்னேன். நாலாவது பையன் உள்ளங்கையை மோந்து பார்த்து, "பிரியாணி வாசம்!" என்றான். அவன் அவளைத் தொடவே இல்லை. பிறகு பாதிப் பேரை வெறுந்தண்ணீரிலும் பாதிப் பேரை சோப்பிலும் கழுவவிட்டேன். சோப்புப் போட்டவர்களுக்கும் நகக்கண்ணிலும் கட்டைவிரல் அடியிலும் தூள் மிச்சம் இருந்தது. குண்டு ஒளிகிற இடம் அங்கிருந்து வந்ததுதான். கண்ணில் பட்டால் எரியும், கழுவும் வரை கையை முகத்துக்குக் கொண்டுபோகவிடாதே. கையில் புண் இருக்கிற பிள்ளைக்குத் தூவ வேண்டாம்.

இன்னொன்று, பொடி. தும்மலில் பெரிய துளிகள் ஒன்றிரண்டு மீட்டருக்குள் விழுந்துவிடும். பொடித்துளிகள் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும், அவற்றைச் சோப்பு எட்டிப் பிடிக்க முடியாது. அதனால் கடைசி வரை பொடியைத் துப்பட்டாவோடு சுற்றவிடு, குண்டுவோடு சேர்த்து அவனையும் வெளியேற்றிவிடாதே. நாடகம் அழகாக முடியவில்லையே என்று உன் தலைமையாசிரியர் சொல்லலாம். முன்வரிசையில் எவனாவது, "டீச்சர், பொடி இன்னும் போகலையே!" என்று கட்டாயம் கத்துவான். அப்போது ஜன்னலைத் திறந்துவிட்டு, மீனாவை இன்னொரு தடவை தும்மச் சொல், இந்தத் தடவை முழங்கை மடிப்புக்குள். உள்ளங்கையில் தும்மினால்தானே குண்டுவுக்கு வண்டி கிடைக்கும்.

மேடையில் நிஜத் தண்ணீர் வைக்காதே, வழுக்கி விழுவார்கள். நீலத் துப்பட்டா போதும், என் பழையது ஒன்று பீரோவில் இருக்கிறது. அப்பா சனிக்கிழமை பார்சல் போடுகிறார், அதோடு நீ கேட்ட நார்த்தங்காய் ஊறுகாயும் வரும். குண்டுவாக யாரைப் போட்டாய் என்று எழுது. வகுப்பிலேயே ஒரு இடத்தில் உட்காராத பையனாகப் பார்த்துப் போடு.

அன்புடன்,
அம்மா