யாரும் 'கோ' கொடுக்காத பையன்

அன்புள்ள தம்பிக்கு,

உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்த முதல் மாதமே இப்படி ஒரு சிக்கல் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை விளையாட்டில் சேர்க்க மறுக்கிறார்கள், கேட்டால் "அவனுக்கு ஆடத் தெரியாது சார்" என்கிறார்கள் என்றாய். அந்தப் பதிலை நானும் பல ஆண்டுகள் நம்பியிருக்கிறேன்.

நான் பணியில் இருந்த பள்ளியில் ஒரு நாள் கோ-கோ நடந்தது. எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த ஒருவன் ஆட்டம் முடியும்வரை எழவே இல்லை. கால் மரத்துப்போய்க் கையை ஊன்றி எழுந்தபோதுதான் அவனைக் கவனித்தேன். அடுத்த வகுப்பில் விசிலை வேறொரு பையனிடம் கொடுத்துவிட்டு, தாளும் பென்சிலுமாக ஓரத்தில் நின்றேன். துரத்துபவன் முதுகைத் தொட்டு யாருக்கு எத்தனை 'கோ' கொடுக்கிறான் என்று கோடு போட்டேன். மற்றவர்களுக்கு ஐந்து, ஆறு என்று வந்தது. அவனுக்கு ஒன்றுகூட இல்லை.

திறமை குறைந்தவனைத் தாண்டிப்போவதும் வேண்டுமென்றே ஒதுக்குவதும் வேறு வேறு. அதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஓடுபவன் நடுக்கோட்டைத் தாண்டி, உட்கார்ந்திருப்பவனின் முகத்துக்கு நேராக வந்துவிட்டான். துரத்துபவன் உட்கார்ந்திருப்பவனின் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறான், கையை நீட்டினால் போதும். அப்போதும் அவனை விட்டுவிட்டு, இரண்டு கட்டம் தள்ளி அதே பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவனிடம் ஓடுகிறான் என்றால், ஆட்டத்தில் தோற்றாலும் பரவாயில்லை, அவனைத் தொடமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டான் என்று பொருள். ஒருமுறை பார்த்து முடிவெடுக்காதே. அவன் உட்காரும் கட்டத்தை மாற்று, துரத்துபவர்களையும் மாற்று. எல்லா இடத்திலும் அதே கதை என்றால் சந்தேகமே வேண்டாம்.

மணிக்கட்டையும் பார். 2019-இல் நம் பள்ளிக் கல்வி இயக்குநர் அனுப்பிய சுற்றறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பற்றிப் பேசியபோது, விளையாட்டு அணிக்கு ஆள் எடுக்கவும் அவை பயன்படுவதாகச் சொன்னது. இரண்டு தலைவர்களை நிறுத்தி "ஆள் எடுங்கள்" என்று நாம் சொல்லும்போது இதற்கெல்லாம் நாமே வழி திறந்துவிடுகிறோம். அணியை நீயே பிரி. பெயர்ப் பட்டியலை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போ. கடைசி ஆளாக நிற்கும் அந்த இரண்டு நிமிடம் எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

"எல்லோருக்கும் ஒரு 'கோ' கொடுத்தே ஆக வேண்டும்" என்று விதி போட்டுப் பார்த்தேன். அது தவறாகப் போனது. அவன் ஓடுபவனைத் தவறவிட்டபோது மொத்த அணியும் அவன்மேல் பாய்ந்தது. பிறகு ஆறு பேர் மட்டும் உட்காரும் சின்ன ஆட்டமாக்கி, புள்ளிக் கணக்கையும் இரண்டு வாரம் நிறுத்தினேன். ஆள் குறைந்தால் ஒருவனைத் தாண்டிப்போவது கடினம்.

ஆனால் வேர் மைதானத்தில் இல்லை, தம்பி. அந்தப் பையன் புதன், வெள்ளி இரண்டு நாளும் விளையாட்டுச் சீருடையை மறந்துவிட்டு வருவான். நான் அவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டேன், இரண்டு முறை. பொருள்களை அடுக்க என்னோடு தனியாக வந்த ஒரு மாலையில்தான் வாய் திறந்தான். உடை மாற்றும் வகுப்பறையில் அவன் மார்பு சற்றுத் தடித்திருப்பதைக் காட்டிக் கேலி செய்து, கால்சட்டையை இழுத்துவிட்டு, சட்டையை மின்விசிறிமேல் எறிந்திருக்கிறார்கள். அந்த வயதில் பையன்களுக்கு மார்பு தடிப்பது மிகச் சாதாரணம், பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் தானே வடிந்துவிடும். அதை அவனிடம் சொன்னபோது அவன் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை. வருத்தம் எனக்கு அந்தத் தண்டனையைப் பற்றித்தான். அவர்கள் செய்ததை நான் முடித்துவைத்திருக்கிறேன்.

ஆகவே விளையாட்டு வகுப்பு உள்ள நாளில் காலையிலேயே விளையாட்டுச் சீருடையில் வர தலைமையாசிரியரிடம் அனுமதி கேள். உடை மாற்றும் வேலையே இருக்காது. போட்டிக்குப் போகும்போது மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஐந்து ஐந்து பேராக அனுப்பு. நீ உள்ளே போகாதே, வாசலில் உன் குரல் கேட்கும் தூரத்தில் நில். கைப்பேசி எதுவும் உள்ளே போகக்கூடாது. யாராவது படம் எடுத்தது தெரிந்தால் பள்ளிக்குள் பேசி முடிக்கப் பார்க்காதே. போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உன் கடமை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்க வைக்காதே. அன்று மாலையே பாதிக்கப்பட்டவன்தான் அதற்கு விலை கொடுப்பான். கேலி செய்தவர்களை ஒவ்வொருவராகத் தனித்தனியே அழைத்துப் பேசு. சிரித்துக்கொண்டு நின்றவர்களையும் அழை, பெரும்பாலும் அவர்கள்தான் முதலில் விலகிக்கொள்வார்கள்.

அந்தப் பையன் பள்ளி அணிக்கு வரவில்லை. ஆனால் அரையாண்டுத் தேர்வுக்குள் சீருடையை மறப்பதை நிறுத்திவிட்டான். டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை என் தாளில் அவன் பெயருக்கு எதிரே நான்கு கோடு இருந்தது.

அன்புடன்,
உன் பழைய சார்