மண்கட்டி விழுந்த இடம்

அன்புள்ள மகளுக்கு,

கார் உன் பெயருக்கு மாறி, முழுக் காப்புறுதியும் போட்டாயிற்று என்று சொன்னாய். சந்தோசம். இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் தனியே வரப் போகிறாய். போனில் சொன்னால் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று கேட்டுவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன்.

எங்கேயாவது இடிபட்டால் காப்புறுதிக் கொம்பனிக்கு அந்த இடத்திலிருந்தே அறிவிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, அடுத்த நாள் சொல்லும் காரியமில்லை இது. ஆனால் கார் நின்றதற்கும் நீ போனை எடுப்பதற்கும் இடையில் ஒரு பத்து நிமிடம் இருக்கிறது. பிறகு காசு வருமா வராதா என்பது பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் முடிவாகிறது.

ஆருக்காவது காயம் என்றால் இந்தக் கணக்கெல்லாம் பிறகு. 1990க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடு, 119இல் பொலிசுக்குச் சொல்லு. காயப்பட்டவரைக் காப்பாற்ற அவசியமென்றால் ஒழிய, பொலிஸ் வரும்வரை வாகனத்தை அசைக்க விடாதே. கீழே எழுதுவது இரும்பு மட்டும் நசுங்கிய விபத்துக்கு.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கொடிகாமம் தாண்டிச் சாவகச்சேரிப் பக்கம் வந்துகொண்டிருக்கிறாய். நேரம் மாலை ஆறே கால். இடப்பக்க ஒழுங்கையிலிருந்து ஒரு ஓட்டோ திடீரென்று றோட்டில் ஏறுகிறது. உன் காரின் இடது முன் மட்காட்டில் அதன் மூக்கு மோதுகிறது. நீ பத்துப் பதினைந்து அடி தள்ளி நிற்பாட்டுகிறாய். காரில் முன்னிருந்து பின்னுக்கு இழுபட்ட ஒரு நீளக் கீறல், கதவு வரைக்கும்.

இப்போது கவனி. ஓட்டோக்காரர் பிறகு சொல்லக்கூடிய கதை இது: "நான் ஒழுங்கை வாயிலில் நின்றுகொண்டிருந்தேன். கார்தான் கரைக்கு வந்து உரசிக்கொண்டு போனது." உன் காரிலுள்ள கீறல் இந்தக் கதைக்கும் பொருந்தும். ஓட்டோ ஓடி வந்து இடித்தாலும், நின்ற ஓட்டோவை நீ உரசினாலும், கீறல் முன்னிருந்து பின்னுக்குத்தான் போகும். ஆகவே நசுங்கலை மட்டும் பத்துப் படம் எடுத்து வைத்தால் ஒன்றும் நிரூபணமாகாது. இரண்டு கதைகளையும் பிரித்துக் காட்டுவது ஒன்றே ஒன்று: றோட்டில் எந்த இடத்தில் மோதியது என்பது.

அந்த இடத்தை நிலமே காட்டும். வாகனம் இடிபடும்போது மட்காட்டுக்கு உள்ளே ஒட்டியிருந்த காய்ந்த மண் கட்டி கட்டியாகக் கீழே கொட்டும். கண்ணாடித் தூளும் பிளாஸ்டிக் துண்டும் ஓட்டத்தின் வேகத்தில் முன்னுக்குச் சிதறிப் போய்விடும். அடியிலிருந்து விழும் மண் அவ்வளவு தூரம் போகாது, மோதிய இடத்துக்குக் கிட்டத்தான் கிடக்கும். தார் விளிம்பிலிருந்து இரண்டு நடை உள்ளே, உன் ஓடுபாதைக்குள் அந்த மண் கிடந்தால், ஓட்டோ றோட்டுக்குள் ஏறிவிட்டது என்று அது சொல்கிறது. ஒழுங்கை வாயிலில் நின்ற கதை அதோடு சரி. ஆனால் பின்னால் வருகிற நாலு பஸ் அந்த மண்ணைத் தூளாக்கிவிடும். அதனால்தான் அவசரம்.

அதனால் கார் நின்றவுடன் இப்படிச் செய். ஹாண்ட் பிறேக்கைப் போட்டு, நான்கு சிக்னல் லைற்றையும் ஒன்றாக எரியவிடு. ஸ்டியறிங்கைத் திருப்பாதே. சில்லு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதும் ஒரு சாட்சி, நீ ஒதுங்கப் பார்த்தாயா இல்லையா என்று அது காட்டும். போக்குவரத்து இல்லாத பக்கத்துக் கதவால் இறங்கு. ஏ9இல் இரவு பஸ் ஓடுகிற விதம் உனக்குத் தெரியும்.

படம் எடுக்கும்போது தூரத்திலிருந்து தொடங்கு. ஆட்கள் எல்லாம் நசுங்கலுக்குப் பக்கத்தில் போய்த்தான் முதல் படத்தை எடுப்பார்கள். நசுங்கல் நாளைக்கும் இருக்கும், வாகனங்கள் நின்ற நிலை பத்து நிமிடத்தில் போய்விடும். இருபது, இருபத்தைந்து நடை பின்னால் போய், இரண்டு வாகனமும் றோட்டின் நடுக் கோடும் ஒன்றாக விழும்படி ஒன்று எடு. அதே தூரம் முன்னால் போய் ஒன்று. மூன்றாவது ஒழுங்கைக்குள் நின்று றோட்டைப் பார்த்து. ஒவ்வொன்றிலும் அசையாத பொருள் ஒன்று இருக்கட்டும்: மின்கம்பம், கிலோமீற்றர் கல், மதகு, கடைப் பலகை, ஏதோ ஒன்று. பிறகு ஆரும் அந்த இடத்துக்குப் போய் அளந்து பார்க்கலாம். அதற்குப் பிறகு மண்ணும் கண்ணாடித் தூளும், தார் விளிம்பும் சேர்ந்து தெரியும்படி. பிறேக் அடித்த ரயர் தடம் இருந்தால் அதன் தொடக்கமும் முடிவும். கடைசியாகத்தான் நசுங்கல்.

நசுங்கலை எடுக்கும்போது கையால் துடைக்காதே. ஓட்டோவின் பெயின்ற் உன் காரில் ஒட்டியிருந்தால் அது அப்படியே இருக்கட்டும். கிட்டப் போய்ப் புதுக் கீறலின் இரும்பு பளபளவென்று தெரிகிற மாதிரி எடு. எங்கள் ஊர் உப்புக் காற்றில் வெறும் இரும்பு சீக்கிரமே துருவேறும். மதிப்பீட்டாளர் இரண்டு நாள் கழித்துக் கராஜில் பார்த்து "இது பழைய அடி" என்று சொல்ல இடம் கொடுக்கக்கூடாது. இந்தப் படங்களை வட்சப்பில் அனுப்பினாலும் மூலப்படத்தைப் போனிலேயே வைத்திரு. வட்சப் படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த நேரமும் இடமும் அதில் நிற்காது.

இதற்குள் சனம் கூடிவிடும். நாலு பேர் ஓட்டோவைத் தூக்கிக் கரையில் வைக்க வருவார்கள். நல்ல மனம்தான், ஆனால் சாட்சி அதோடு போய்விடும். "அண்ணை, ஒரு நிமிசம், படம் எடுத்திட்டுத் தள்ளுவம்" என்று மரியாதையாகச் சொல்லு. தடையாக நின்றால் வாகனத்தைத் தள்ளித்தான் ஆக வேண்டும், அதில் பிழையில்லை. தள்ளும் முன் ஒவ்வொரு ரயரும் நிலத்தைத் தொடும் இடத்தில் சோக்கால் ஒரு கோடு போட்டு, அதையும் படம் எடு. ஓட்டுத்துண்டு, செங்கல் துண்டு எதுவும் தாரில் கோடு போடும்.

அடுத்தது வாய். "என்னில்தான் பிழை, நான் செய்து தாறன்" என்று நீ சொல்லக்கூடிய பிள்ளை என்று எனக்குத் தெரியும். சொல்லாதே. கொம்பனியின் சம்மதமில்லாமல் பிழையை ஏற்பது, தருவதாக வாக்குக் கொடுப்பது, காசு கொடுப்பது மூன்றையும் மோட்டார் காப்புறுதி ஒப்பந்தம் வழக்கமாகத் தடுக்கிறது. அதை மீறினால், மற்ற ஆளுக்கு நீ கொடுப்பதாகச் சொன்னதைக் கொம்பனி தன் பொறுப்பாக எடுக்காது. "உங்களுக்கு ஒண்டும் இல்லையே?" என்று கேள், தண்ணீர் வாங்கிக் கொடு, அதெல்லாம் ஒப்புதல் ஆகாது. சமாதானம் பேச வருகிற அண்ணைமார் "பத்தாயிரத்தைக் குடுத்து முடி பிள்ளை" என்பார்கள். நீ கொடுத்துவிட்டுப் போன பிறகு, அடுத்த நாள் ஓட்டோக்காரருக்குக் கழுத்து நோ என்று பொலிசில் முறைப்பாடு வந்தால், உன் பக்கத்தில் மிஞ்சுவது காசு கொடுத்தாய் என்ற செய்தி மட்டும்தான்.

ஆரும் எழுதி நீட்டுகிற துண்டில் கையெழுத்து வைக்காதே. பொலிசில் வாக்குமூலம் எடுத்தால் தமிழில் எழுதச் சொல்லிக் கேள், அது உன் உரிமை. சிங்களத்தில் எழுதினால், வாசித்து விளக்கச் சொல்லி, விளங்கிய பிறகே ஒப்பமிடு.

விபரங்களை எழுதிக்கொண்டு நிற்காதே, படமாக எடு. இலக்கத் தகடு, முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வரி அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், சாரதி அனுமதிப்பத்திரத்தின் இரண்டு பக்கமும். பின்பக்கத்தில்தான் எந்த வகை வாகனம் ஓட்டலாம் என்று இருக்கிறது, ஓட்டோவுக்கு அது பி1. ஓட்டினவர்தான் சொந்தக்காரரா என்றும் கேள், பல நேரம் இல்லை. பார்த்த ஒருவரின் பெயரும் போன் இலக்கமும் வாங்கு. பக்கத்துக் கடையில் கமரா இருந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லிவை, அந்தப் பதிவுகள் கொஞ்ச நாளில் தானாகவே அழிந்துபோகும். கமராவின் கடிகாரம் உன் போனுக்கு எத்தனை நிமிடம் முந்தி அல்லது பிந்தி இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்.

இன்னொன்று, இதில்தான் படித்தவர்களும் பிழை விடுகிறார்கள். முன்பக்கம் அடிபட்ட காரை "ஓடுது தானே" என்று வீட்டுக்கு ஓட்டி வருவது. றேடியேற்றர் வெடித்து, தண்ணீர் ஒழுகி, வழியில் இயந்திரம் சூடேறிப் பழுதானால், அது விபத்தின் சேதமல்ல, நீ ஓட்டியதால் வந்த சேதம் என்று கொம்பனி பிரித்துவிடும். பம்பரின் விலையைத் தந்துவிட்டு, இயந்திரத்தின் விலையை உன் தலையில் வைப்பார்கள். ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுக்கிறது. குனிந்து கீழே பார். ஏசித் தண்ணீர் நிறமும் மணமும் இல்லாதது, பயமில்லை. பச்சை அல்லது றோஸ் நிறத்தில், இனிப்பு மணத்தோடு வழுவழுப்பாக ஒழுகினால் அது றேடியேற்றர் தண்ணீர். திரும்ப ஸ்டார்ட் பண்ணாதே. சிவப்பு லைற் எரியவில்லை என்பதை நம்பாதே. தண்ணீர் முழுக்க வடிந்தால் சூட்டை அளக்கும் சென்சர் வெறும் காற்றில் நிற்கும், அது சரியாகக் காட்டாது.

இதெல்லாம் முடிந்ததும் போனை எடு. இலக்கம் காப்புறுதி அட்டையில் இருக்கிறது. அட்டையைப் படம் எடுத்துப் போனிலும் வை, அடிபட்ட காரில் டாஷ்போட் பெட்டி திறக்காமல் போகலாம். நடந்ததைச் சொல்லு, ஊகத்தைச் சொல்லாதே. "இடப்பக்க ஒழுங்கையிலிருந்து ஓட்டோ வந்து என் முன் மட்காட்டில் பட்டது" என்றால் போதும். எத்தனை வேகத்தில் வந்தாய் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் ஒரு இலக்கத்தை உளறாதே, அதையே எழுதி வைப்பார்கள். அவர்கள் தருகிற முறைப்பாட்டு இலக்கத்தையும் பேசினவரின் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள். மதிப்பீட்டாளர் அந்த இடத்துக்கு வருகிறாரா, காரை எடுக்கலாமா, இழுத்துச் செல்லும் வண்டியை அவர்கள் அனுப்புகிறார்களா என்று கேட்டபிறகே அசை. எங்கிருந்தோ தானாக வந்து நிற்கும் இழுவை வண்டிக்குச் சம்மதித்துவிட்டால் அந்தக் கூலி உன் கையால்தான்.

அம்மா ஒரு சோக்குக்கட்டிப் பெட்டியும் சின்ன ரோர்ச்சும் பழைய பென்சில் பையில் போட்டு வைத்திருக்கிறா. இந்த முறை வரும்போது எடுத்துக்கொண்டு போ. சாரதி ஆசனத்துக்குக் கீழே வைக்காதே, பிறேக்குக்கு அடியில் உருண்டு வரும். கதவுப் பையில் வை.

அன்புடன்,
அப்பா
யாழ்ப்பாணம்