தம்பிக்கு, வேலை தேடத் தொடங்கி ஒரு வருடம் ஆகிற கிழமையில்

அன்புள்ள தம்பிக்கு,

பொதுவில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். வீட்டில் பேச வந்தால் நீ அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாய், வேறு என்ன செய்வது? வெள்ளவத்தையில் பாதிப்பேர் இதை வாசிப்பார்கள் என்று தெரியும். அதனால் எந்த நிறுவனத்தின் பெயரும் இதில் இல்லை, அப்பாவோடு நடந்த கதையும் இல்லை.

அந்த ஞாயிறு இரவு என் மனதை விட்டுப் போகவில்லை. இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வெளிச்சம் அடித்தது. 'வருந்துகிறோம்' என்று தொடங்கும் மின்னஞ்சல். நீ போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் சொதி கேட்டாய். உன் தட்டில் சொதி நிறைய இருந்தது. அதைப் பார்த்ததும் உன்னைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

ஆனால் அன்றிரவு ஒரு மணிவரை topjobs.lk-இல் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் சீவி அனுப்பினாயே, அதில் எனக்குக் கோபம்தான். ஒரு கடிதத்தில் முந்தைய நிறுவனத்தின் பெயரே மாறாமல் போயிருந்தது. பதவியின் பெயரைத் தலைப்பு வரியில் எழுதச் சொல்லியிருந்த விளம்பரங்களுக்கும் வெறும் 'சீவி' என்று அனுப்பியிருக்கிறாய். பிறகு "பாத்தியா அக்கா, ஒண்டும் வரேல்ல" என்கிறாய். மறுப்பு வந்த இரவில் அனுப்புவது காயத்துக்கு மருந்தில்லை. அடுத்த மாத மறுப்புகளை இன்றே கேட்டு வாங்கும் வேலை அது. மறுப்பு வந்த நாளில் ஒன்றும் அனுப்பாதே.

நீ தந்த அட்டவணையை வரிவரியாகப் பார்த்தேன். எட்டுக் கிழமையில் 40 விண்ணப்பம், எல்லாம் கணக்கு உதவியாளர், கணக்கு நிறைவேற்று அலுவலர் வேலைகள். இணையத்தில் அனுப்பிய 34-இல் ஒரு அழைப்பு. உள்ளே வேலை செய்யும் தெரிந்தவர் மூலம் போன ஆறில் மூன்று. ஆறு என்பது சின்ன எண்தான், அதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது அடுத்த நான்கு கிழமையை அந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கலாம். நான்கு நேர்முகத்திலும் இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிடவில்லை. அது வேறு கோளாறு, சீவியைத் திருத்தி அது சரியாகாது. வங்கி இணக்கக் கூற்றைப் பற்றிக் கேட்டபோது பாடப்புத்தக வரைவிலக்கணத்தைச் சொன்னதாகச் சொன்னாய். அவர்கள் கேட்க விரும்பியது, பயிற்சிக் காலத்தில் காசேட்டுக்கும் வங்கிக் கூற்றுக்கும் இருந்த வித்தியாசத்தை நீ எப்படித் தேடினாய், மாற்றப்படாத காசோலையை எங்கே கண்டுபிடித்தாய் என்பதை.

'இந்தக் கிழமை ஒரு அழைப்பு வரவேண்டும்' என்று இலக்கு வைக்காதே, அது உன் கையில் இல்லை. திங்கள், செவ்வாயில் விளம்பரத்தை முழுதாக வாசித்து, அதற்கேற்பச் சீவியின் முதல் அரைப் பக்கத்தை மாற்றி, நான்கு விண்ணப்பம். புதனன்று தெரிந்த இரண்டு பேருக்கு வட்ஸ்அப். "வேலை ஏதும் இருக்கா" என்று கேட்டால் "பார்க்கிறேன்" என்பார்கள், அதோடு முடிந்துவிடும். "மார்ச் 31 கணக்கு முடிவுக்கு உங்கள் கணக்குப் பகுதியில் ஆள் எடுப்பார்களா, யாருக்கு எழுதலாம்?" என்று கேள். அதற்குப் பெயரோடு பதில் சொல்ல முடியும். வியாழன் ஒரு மணி நேரம் ஒரே ஒரு நேர்முகக் கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல், போனில் பதிந்து கேள். வெள்ளி பின்னேரம் அரை மணி நேரம் அட்டவணை. மின்னஞ்சலையும் நாளுக்கு ஒரு தடவை, ஐந்து மணிக்கு மட்டும் பார்.

வெள்ளியில் நிரப்பு, தீர்ப்புச் சொல்லாதே. பத்து விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பு என்பதுதான் உன் உண்மையான நிலை என்று வைத்துக்கொள். அப்போதும் பத்தும் வெறுமையாகப் போக ஏறக்குறைய 35 சதவீத வாய்ப்பு உண்டு. முப்பதும் வெறுமையாகப் போக 4 சதவீதம்தான். ஆகவே பத்து மௌனம் உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாது. முப்பதுக்குப் பிறகுதான் எதையாவது மாற்று, அதுவும் ஒன்றை மட்டும். சீவியையும் வழியையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும். உறவினர் வந்து ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போவார்கள், நீயும் அன்றே எல்லாவற்றையும் மாற்றுவாய். அவர்கள்மீதும் எனக்குக் கோபம், இவ்வளவோடு நிறுத்துகிறேன்.

அட்டவணையில் 18 வரிகள் இன்னும் 'காத்திருக்கிறேன்' என்று கிடக்கின்றன, சில இரண்டு மாதப் பழசு. முடிவுத் திகதி போய் மூன்று கிழமை ஆனதை எல்லாம் 'மௌனம்' என்று எழுதி இந்த வெள்ளி மூடு. பிறகு அழைத்தால் மறுபடி திறக்கலாம். மூடியபின் எத்தனை வரி மிஞ்சுகிறது என்று எனக்கு அனுப்பு, புதன் செய்திகளை யாருக்கு எழுதுவது என்று சேர்ந்து பார்ப்போம். அப்பா கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

அக்கா