கொழும்பில இங்கிலிஷ் மீடியம் சயன்ஸ் பேப்பர் திருத்துற சேர்மாருக்கும் மிஸ்மாருக்கும் ஒரு மடல்

வணக்கம். நான் வெள்ளவத்தையில ட்யூஷன் குடுக்கிற ஆள். வீட்டில தமிழ் கதைச்சுப்போட்டு ஸ்கூல்ல இங்கிலிஷ் மீடியத்தில சயன்ஸ் படிக்கிற பிள்ளையள்தான் என்னட்ட கூட வாறது. போன டேர்ம் திருத்தின தரம் 10 பேப்பர் ரெண்டு என்ட மேசையில கிடக்கு, அதைப் பார்த்துத்தான் இதை எழுதுறன். எந்த ஸ்கூல் எண்டு சொல்லமாட்டன், ஏனெண்டா இது ஒரு ஸ்கூலின்ட பிரச்சினை இல்ல.

கேள்வி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 5.0 கிராம் உருளைக்கிழங்குத் துண்டை கடும் உப்புத்தண்ணிக்குள்ள போட்டு எடுத்தா 4.3 கிராம், ஏன் எண்டு விளக்கு. 4 மார்க்ஸ். தண்ணி கிழங்கை விட்டு வெளிய போகுது, வெளிய உப்பு கூட எண்டபடியா போகுது, செமி பெர்மியபிள் மெம்பிரேனுக்குள்ளால போகுது, அதால நிறை குறையுது. ஒவ்வொண்டுக்கும் ஒண்டு.

முதல் பையன் எழுதினதை அப்பிடியே தாறன். "வோட்டர் மூவ் பொட்டேட்டோ ஃப்ரொம் சோல்ட் வோட்டர் டு. பிகோஸ் அவுட்சைட் சோல்ட் மோர். செல் ஸ்கின் ஒன்லி வோட்டர் கிவ் வே. சோ பொட்டேட்டோ வெயிட் லெஸ், சொஃப்ட் கம்." கிடைச்சது 1. முதல் வரியில பெரிய சிவப்புப் புள்ளடி, பக்கத்தில 'திசை பிழை' எண்டு குறிப்பு வேற.

அந்த வரியை திரும்ப வாசிச்சுப் பாருங்கோ. திருத்தினவர் 'ஃப்ரொம் சோல்ட் வோட்டர்' எண்டு சேர்த்து வாசிச்சிருக்கிறார், அப்ப உப்புத்தண்ணியில இருந்து கிழங்குக்குள்ள வருது எண்டுதான் வரும். ஆனா பிள்ளை தமிழில யோசிச்சிருக்கு: கிழங்கில இருந்து உப்புத்தண்ணிக்கு. நாங்க 'இருந்து', 'க்கு' எல்லாத்தையும் சொல்லுக்குப் பின்னால ஒட்டுறனாங்கள், அவனும் ஃப்ரொம், டு ரெண்டையும் பின்னால வச்சிட்டான். அவ்வளவுதான். சயன்ஸ் சரி, இங்கிலிஷ் பிழை.

நான் அவனுக்கு சார்பா வாசிக்கிறன் எண்டு நினைப்பீங்கள். அதுக்குத்தான் பேப்பரிலயே சாட்சி தேடோணும் எண்டு சொல்லுறன். முதல் பகுதியில நிறை மாற்றம் −14% எண்டு மைனஸ் குறியோட கணக்குப் போட்டிருக்கிறான், படத்தில அம்புக்குறி வெளிய பார்த்து நிக்குது, கடைசி வரியில நிறை குறைஞ்சது எண்டு எழுதியிருக்கிறான். மூண்டும் ஒரே பக்கம் காட்டுது. இதே வரியை எழுதிப்போட்டு அம்புக்குறியை உள்ள கீறி நிறை கூடும் எண்டு சொல்லியிருந்தா நானும் வெட்டியிருப்பன்.

ஆனா அவனுக்கு 4 குடுக்கவும் மாட்டன். 'செல் ஸ்கின்' எண்டா கலச்சுவரா மெம்பிரேனா எண்டு தெரியேல்ல, அந்தச் சொல் பாடத்தின்ட சொல், அதைப் படிக்கிறதும் சயன்ஸ் படிக்கிறதுதான். அப்ப 3.

இனி ரெண்டாவது பேப்பர். வடிவான எழுத்து, வடிவான இங்கிலிஷ், ஒஸ்மோசிஸ் எண்டா என்ன எண்டு புத்தகத்தில இருக்கிற வரைவிலக்கணம் ஒரு எழுத்துப் பிசகாம. 4க்கு 4. ஆனா அதில கிழங்கு எங்க? தண்ணி உள்ள போச்சா வெளிய போச்சா, நிறை ஏன் குறைஞ்சது, ஒரு சொல்லும் இல்ல. மெம்பிரேனுக்கு ஒண்டு, செறிவு வித்தியாசத்துக்கு ஒண்டு, 2க்கு மேல குடுக்கேலாது. கிராமர் சரியா இருந்தா எங்கட பேனா தானா சரி போடுது, எனக்கும் அப்பிடித்தான், இரவு பத்து மணிக்கு நாப்பதாவது பேப்பர் திருத்தேக்க ஆருக்குத்தான் இல்ல.

எல்லாப் பிழையையும் மொழிப் பிழை எண்டு விடச் சொல்லேல்ல. ஸ்பெல்லிங் பிழைச்சாலும் சொல் விளங்கினா விடலாம், ஆனா மைட்டோசிஸா மயோசிஸா எண்டு தெரியாத மாதிரி எழுதினா விடேலாது. கேம்பிரிட்ஜ் சயன்ஸ் மார்க்கிங் ஸ்கீமிலயும் இதே விதி இருக்கு, குளுக்ககோனும் கிளைக்கோஜனும் குழம்புற மாதிரி இருந்தா ஏற்கக்கூடாது எண்டு. நான் பார்க்கிற இன்னொரு வழி, தமிழ் மீடியப் பிள்ளையும் இதே பிழையை விடுமா எண்டு கேக்கிறது. 'செறிவு கூட' எண்டு எழுதிப்போட்டு உப்பின்ட செறிவா தண்ணியின்ட செறிவா எண்டு சொல்லாம விடுறது தமிழ் மீடியத்திலயும் தாராளமா நடக்குது, அப்ப அது மொழி இல்ல, விளக்கக் குறை.

கேக்கிறது மூண்டே விஷயம். திருத்தத் தொடங்க முந்தி மீட்டிங்கில எந்தச் சொல் கட்டாயம், எது வேற சொல்லில வந்தாலும் சரி எண்டு ஸ்கீமில எழுதி வையுங்கோ. மொழிப் பிழையை பென்சிலால வட்டம் போட்டு சரியான வசனத்தைப் பக்கத்தில எழுதுங்கோ, மார்க்ஸில கை வைக்காதேங்கோ, இங்கிலிஷ் பாடத்துக்கு தனிப் பேப்பர் இருக்குத்தானே. திசை, கூட குறைய, 'இல்லாட்டி' மாதிரி இடங்களில சந்தேகம் வந்தா பிள்ளையைக் கூப்பிட்டு தமிழில ரெண்டு நிமிஷம் கேட்டா தெரிஞ்சிடும். தமிழ் தெரியாத மிஸ் எண்டா பக்கத்து மேசையில இருக்கிற தமிழ் டீச்சரிட்ட அந்த ஒரு வரியை மட்டும் காட்டலாம்.

ரெண்டு பேப்பரிலயும் பெயரை மறைச்சு கொப்பி எடுத்து வச்சிருக்கிறன், உங்கட மீட்டிங்குக்கு வேணுமெண்டா கொண்டு வந்து தாறன்.