அப்பாவின் எல்டிஎல் 246: நீயும் ஒருமுறை பார்த்துவிடு

அன்புள்ள கண்ணம்மா,

போனில் சொன்னால் "சரிப்பா, பார்க்கிறேன்" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். ஸ்டென்ட் வைத்த இடம் நன்றாக இருக்கிறது, எனக்காகக் கவலைப்படாதே. இந்தக் கடிதம் உன்னைப் பற்றியது.

எனக்கு மருந்து தொடங்குவதற்கு முன்னால் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 246 இருந்தது. டாக்டர் அந்த எண்ணைப் பார்த்ததும் என் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரை விரலால் அழுத்திப் பார்த்தார், அது தடித்திருந்தது. அங்கே படிந்திருப்பது கொலஸ்ட்ரால்தானாம். அப்புறம் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். உன் சித்தப்பா 42 வயதில் மாரடைப்பில் போனதையும், தாத்தா 50 தாண்டாததையும் சொன்னேன். தாத்தா போனதற்கு சிகரெட்தான் காரணம் என்று இத்தனை காலம் பேசிக்கொண்டிருந்தோம். சித்தப்பா சிகரெட்டைத் தொட்டதே இல்லை. தைராய்டு, சிறுநீரகம் இரண்டிலும் குறையில்லை என்று பார்த்த பிறகு, இது பரம்பரையாக வரும் அதிகக் கொலஸ்ட்ரால் என்றார் டாக்டர். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறதாம், பெரும்பாலானோருக்குத் தெரியாது.

ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுப்பது கல்லீரல் செல்களில் இருக்கும் ஏற்பிகள். அவற்றை உண்டாக்கும் மரபணு நமக்கு இரண்டு பிரதி உண்டு, ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. என்னுடைய இரண்டில் ஒன்று பழுது. அதனால் கொலஸ்ட்ரால் பிறந்த நாளிலிருந்தே ரத்தத்தில் தேங்குகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. 50 வயதில் கொலஸ்ட்ரால் ஏறியவருக்கும், பிறந்ததிலிருந்து சுமப்பவருக்கும் ஒரே எண் இருந்தாலும் ரத்தக்குழாய் ஒரே நிலையில் இருக்காது. மருந்தே எடுக்காவிட்டால் ஆண்களில் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள்ளும், பெண்களில் மூன்றில் ஒருவருக்கு 60 வயதுக்குள்ளும் இதய நோய் வந்துவிடுகிறது.

அந்தப் பழுதான பிரதி உனக்கு வந்திருக்க வாய்ப்பு சரிபாதி. அண்ணன் பார்த்துவிட்டான், அவனுக்கு எல்டிஎல் 104, அவனுக்கு இல்லை என்றார்கள். அதனால் உனக்கு வாய்ப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பாதிக்குப் பாதிதான். அத்தைக்கு 228 வந்திருக்கிறது, எந்த அறிகுறியும் இல்லாமல் இத்தனை வருடம். இனி அத்தையின் பிள்ளைகளும் பார்க்க வேண்டும்.

நீ ஒல்லியாக இருக்கிறாய், தினமும் ஓடுகிறாய், தெரியும். இரண்டும் நல்லது, ஆனால் இந்த மரபணுவுக்கு முன்னால் அவற்றால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஆபீசில் செய்த செக்கப்பில் மொத்தக் கொலஸ்ட்ரால் "கொஞ்சம் அதிகம்" என்று சொன்னதாக ஒருமுறை சொன்னாயே, அது என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எல்டிஎல் எவ்வளவு என்று தனியாகப் பார். பெரியவர்களுக்கு 190-க்கு மேல் என்றாலே சந்தேகப்பட வேண்டும். உன்னைப் போல அப்பாவுக்கே இருப்பது உறுதியானவர்களுக்கு அதைவிடக் குறைவாக இருந்தாலும் டாக்டர் யோசிப்பார். காய்ச்சல் வந்து படுத்து எழுந்த கையோடு எடுக்காதே, எண் குறைத்துக் காட்டும்.

என் மரபணுவில் எந்த இடத்தில் மாற்றம் என்பதை ஆய்வில் கண்டுபிடித்துவிட்டார்கள், ரிப்போர்ட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். உன் டாக்டரிடம் இதைக் காட்டினால் அந்த ஒரே மாற்றம் உன்னிடம் இருக்கிறதா என்று மட்டும் தேடினால் போதும், உண்டு, இல்லை என்று தெளிவாகத் தெரிந்துவிடும். இந்த ரிப்போர்ட் இல்லாமல் பொதுவாகத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அதை நம்பி இருந்துவிட முடியாது, ஏனென்றால் நோய் இருப்பவர்கள் பலருக்கும் மாற்றம் கண்ணில் படுவதில்லை.

உனக்கு இல்லை என்று வந்தால் குட்டிப் பையனுக்கு என் வழியாக இது வராது. இருக்கிறது என்றால் அவனுக்கும் பார்க்க வேண்டும், பத்து வயதுக்குள் பார்ப்பது நல்லது, பருவம் அடையும் காலத்தில் எல்டிஎல் கொஞ்சம் இறங்கி ஏமாற்றிவிடும். தேவைப்பட்டால் 8, 10 வயதிலேயே ஸ்டேட்டின் மாத்திரை தொடங்குகிறார்கள் என்றதும் எனக்கும் முதலில் பகீரென்றது. ஆனால் அந்த வயதில் தொடங்கிய பிள்ளைகளை இருபது வருடம் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். மருந்து கிடைக்காத அவர்களுடைய பெற்றோரைவிட அவர்களுக்கு இதயச் சிக்கல் மிகக் குறைவாகவே வந்திருக்கிறது.

இன்னொன்று, அம்மா சொல்லச் சொன்னாள். இரண்டாவது குழந்தைக்கு யோசிக்கிறீர்கள் என்றால் அதற்கு முன்பே டெஸ்ட் எடுத்துவிடு. கர்ப்ப காலத்தில் எல்லோருக்குமே கொலஸ்ட்ரால் ஏறும், அப்போது எடுத்தால் குழப்பும். மாத்திரை தொடங்க வேண்டி வந்தால், குழந்தைக்கான திட்டத்தை டாக்டரிடம் சொல்லிவிடு, வழக்கமாகக் கருத்தரிப்பதற்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

எனக்கு ஸ்டேட்டினில் 121-க்கு வந்தது, எசெடிமைப் சேர்த்ததும் 94. ஏற்கெனவே அடைப்பு வந்தவன் என்பதால் 70-க்கும் கீழே போக வேண்டுமாம், அடுத்து ஊசி பற்றிப் பேசுகிறார்கள். உனக்கு அடைப்பு எதுவும் வருவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டால் இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது.

ரிசல்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, முழுப் பக்கமும்.

அப்பா