புழுவெட்டு ஊசியின் அளவைச் சீட்டில் எழுதுங்கள்: தோல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தோல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் தோல் நோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர். புழுவெட்டுக்கு ஊசி போடும் நாட்களில் குப்பியைக் குலுக்கி, மருந்தைக் கலந்து, சிரிஞ்சில் ஏற்றித் தருவது என் வேலை. அந்த மேசைக்கு வந்து சேரும் வெளியூர்ச் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. போட்ட ஸ்டீராய்டின் செறிவையும் மொத்த அளவையும் ஒவ்வொரு முறையும் நோயாளியின் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

அந்தச் சீட்டுகளில் வழக்கமாக இருப்பது 'ஊசி போடப்பட்டது' என்று ஒரு வரி, அன்றைய தேதி, அடுத்து வர வேண்டிய தேதி. சில சீட்டுகளில் மருந்தின் பெயர் இருக்கும். மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம், எத்தனை இடத்தில் போட்டது, மொத்தம் எவ்வளவு உள்ளே போனது என்பதெல்லாம் இருக்காது.

இதனால் என்ன ஆகிறது என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர். பின்மண்டையில் சுமார் மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டம். சொந்த ஊரில் நான்கு வாரத்துக்கு ஒருமுறையாக மூன்று தடவை ஊசி போட்டிருக்கிறார்கள். வட்டத்தின் ஓரத்தில் பூனைமுடி மாதிரி வெள்ளையாக முளைக்கவும் ஆரம்பித்துவிட்டது. அப்புறம் வேலை காரணமாக ஊருக்குப் போக முடியவில்லை. இரண்டே வாரத்தில் பக்கத்தில் இருந்த வேறொரு கிளினிக்கில் காட்டியிருக்கிறார். அங்கே வட்டம் முழுவதும் மறுபடி ஊசி போட்டார்கள். ஒன்றரை மாதம் கழித்து எங்களிடம் வந்தபோது வட்டத்தின் நடுவில் விரல் நுனி பதியும் அளவுக்கு இரண்டு பள்ளங்கள். மேல்தோல் பளபளவென்று இருந்தது, சிவப்பு இழைகளாக ரத்தக் குழாய் தெரிந்தது.

இரண்டு இடத்துச் சீட்டும் கையில் இருந்தது. இரண்டிலும் செறிவு இல்லை. எங்களுக்குக் கிடைத்த ஒரே தடயம் அவர் சொன்னதுதான்: "முன்னாடி போட்டது தண்ணி கலந்த மாதிரி இருந்துச்சு சிஸ்டர், ரெண்டாவது கிளினிக்ல போட்டது பால் மாதிரி கெட்டியா இருந்துச்சு." இந்த ஊசியில் போடும் ஸ்டீராய்டான ட்ரையாம்சினோலோன் கரைசல் இல்லை, தண்ணீரில் மிதக்கும் நுண்துகள். சலைன் கலக்காமல் எடுத்தால் பால் போலத்தான் இருக்கும். அவர் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. ஆனால் நோயாளியின் கண்ணை நம்பி அளவைக் கணிக்கும் நிலைமையில் எங்கள் டாக்டர் இருக்க வேண்டுமா?

கணக்கை உங்களுக்குச் சொல்லித்தர வரவில்லை. என் மேசையில் அது எப்படித் தவறிப் போகக்கூடும் என்பதைத்தான் சொல்கிறேன். இந்த மருந்து மில்லிலிட்டருக்கு 10 மி.கி. என்றும் 40 மி.கி. என்றும் இரண்டு குப்பிகளில் வருகிறது. உச்சந்தலைக்குப் பொதுவாக 5 மி.கி. செறிவு. புருவத்துக்கும் தாடிக்கும் 2.5 மி.கி. பத்து மி.கி. குப்பி என்றால் பாதிக்குப் பாதி சலைன் சேர்த்தால் 5 வந்துவிடும். நாற்பது மி.கி. குப்பி என்றால் 0.1 மி.லி. மருந்துக்கு 0.7 மி.லி. சலைன் சேர்க்க வேண்டும். அவசரத்தில் குப்பியைப் பார்க்காமல், பழகிய கைப்பழக்கத்தில் பாதிக்குப் பாதி கலந்தால் 20 மி.கி. செறிவு ஆகிவிடும். சிரிஞ்சும் சேர்ந்து குழப்பும். நாற்பது யூனிட் கோடு போட்ட இன்சுலின் சிரிஞ்சிலும் நூறு யூனிட் கோடு போட்டதிலும் 'பத்து கோடு' என்பது ஒரே அளவு இல்லை.

அந்த இளைஞரின் வட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில், ஒரு குத்துக்கு 0.1 மி.லி. என்றால் எட்டு குத்து, 0.8 மி.லி. ஐந்து மி.கி. செறிவில் அது மொத்தம் 4 மி.கி. அதே எட்டு குத்து, அதே சிரிஞ்சு நிறைய, ஆனால் 40 மி.கி. குப்பியிலிருந்து அப்படியே எடுத்தால் 32 மி.கி. ஒரு அமர்வுக்கு 20 மி.கி.க்குள் நிறுத்துவது நம்மில் பலருடைய வழக்கம். நோயாளிக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதே எட்டு குத்து, அதே வலி.

செறிவைக் கூட்டினால் முடி சீக்கிரம் வரும் என்று சிலர் நினைப்பதும் தெரியும். 2015இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வில் ஒரே நோயாளியின் தலையில் 2.5, 5, 10 மி.கி. செறிவுகளைப் போட்டுப் பார்த்தார்கள். கூடுதல் செறிவால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. மிகச் சிலரை வைத்துச் செய்த ஆய்வுதான், அதை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் தோல் மெலிவது செறிவோடு கூடும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லையே.

பள்ளம் ஏன் விழுகிறது என்பதும் நோயாளிகளிடம் யாரும் சொல்வதில்லை. முடிவேரைச் சுற்றி மொய்க்கும் நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்குகிற இதே மருந்து, தோலில் கொலாஜன் உண்டாவதையும் குறைக்கிறது. அடியில் உள்ள கொழுப்பையும் சுருங்க வைக்கிறது. துகள்கள் ஒரே இடத்தில் வாரக்கணக்கில் தங்குவதால் அந்த வேலை உடனே நிற்காது. அதனால்தான் ஊசி போட்ட அன்று எதுவும் தெரியாமல், சில வாரம் கழித்துக் குழி தெரிகிறது. ஊசி சரியான ஆழத்தில் போனால் கட்டை விரலுக்கு எதிர்ப்பு தெரியும். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் கொழுப்புக்குள் போய்விட்டது என்று அர்த்தம். மேலே வெள்ளையாகக் கொப்புளம் மாதிரி எழும்பினால் ரொம்ப மேலாகப் போய்விட்டது. நல்ல கை உள்ள டாக்டர்கள் ஊசியைப் பாதியில் நிறுத்திக் கோணத்தை மாற்றுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த இளைஞருக்கு நேர்ந்ததில் எனக்கு அதிகம் உறுத்துவது செறிவுகூட இல்லை, முளைத்த இடத்திலேயே மறுபடி குத்தியது. வட்டத்தின் ஓரத்தில் முடி வர ஆரம்பித்திருந்தது என்று சொன்னேன் அல்லவா? முளைத்த இடத்தை விட்டுவிட்டு வெறுமையாக இருக்கும் பகுதிக்கு மட்டும் போட்டிருந்தால் இடமும் குறையும், மருந்தும் குறையும். பழைய குத்து எங்கே விழுந்தது என்று ஒரு சின்னப் படம் சீட்டில் இருந்திருந்தால், இரண்டு வாரத்துக்கு முன்னால் குத்திய அதே புள்ளியில் இன்னொருவர் குத்தியிருக்க மாட்டார். நான்கு முதல் ஆறு வாரம் இடைவெளி விடச் சொல்வது டாக்டரின் வசதிக்காக இல்லை. முந்தைய மருந்து இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் இடத்தில் புதிதாக ஏற்றக்கூடாது என்பதற்காக. 'சீக்கிரம் போடுங்க, கல்யாணம் வருது' என்று கேட்கும் நோயாளிகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அவர்களுக்கு முடியாது என்று சொல்வதற்கும் சீட்டில் எழுதிய தேதியும் அளவும்தான் உங்களுக்கு உதவும்.

பள்ளம் விழுகிறதா என்று ஒவ்வொரு முறையும் ஊசிக்கு முன்னால் பார்ப்பது பெரிய வேலை இல்லை. டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் தோலோடு ஒட்டிப் பிடித்தால் குழியின் நிழல் விழும். விரலை மெதுவாக ஓட்டினாலும் தெரியும். ஒரு எச்சரிக்கை: முடி உதிர்ந்த வட்டமே லேசாகத் தொளதொளவென்று, கொஞ்சம் இறங்கினாற்போல இருக்கும். ஊசியே போடாத வட்டத்தையும் தொட்டு ஒப்பிட்டால்தான் எது நோயால், எது மருந்தால் என்று பிரிக்க முடியும். அதற்கு முதல் ஊசிக்கு முன்னால் எடுத்த ஒரு போட்டோ ரொம்ப உதவும். நோயாளியின் போனிலேயே எடுத்துக் கொடுத்துவிடலாம்.

எங்கள் டாக்டர் அந்த இரண்டு பள்ளத்திலும் அதன் ஓரத்திலும் ஊசியை நிறுத்திவிட்டார். வட்டத்தின் கீழ்ப்பகுதியில் வெறுமையாக இருந்த இடத்தில் மட்டும், நான்கு வாரம் போகவிட்டு, 2.5 மி.கி. செறிவில் சில குத்துகள். ஆறேழு மாதத்தில் ஒரு பள்ளம் தடவினால்கூடத் தெரியாத அளவுக்கு நிரம்பிவிட்டது. இன்னொன்று பாதி நிரம்பியிருக்கிறது. அதற்குள்ளேயும் முடி முளைத்துவிட்டது, அதுதான் ஆச்சரியம். பெரும்பாலான பள்ளங்கள் மாதக்கணக்கில் தானே நிரம்பும் என்று அவரிடம் முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால், வெங்காயச் சாற்றைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வந்திருக்க மாட்டார்.

எப்போது நிறுத்துவது என்பதும் சீட்டில் இருக்க வேண்டும். ஊசி பலித்தால் நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் ஏதாவது முளை தெரியும். ஆறு மாதம் ஒழுங்காகப் போட்டும் எதுவும் வரவில்லை என்றால் அந்த இடத்தில் தொடர்வதில் பலன் இல்லை, தோல்தான் மெலியும். தலையில் பாதிக்கு மேல் போனவர்களுக்கும், பின்கழுத்து ஓரமாகப் பட்டை போலப் போனவர்களுக்கும் இந்த ஊசி பெரிதாகக் கைகொடுப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் மாதாமாதம் வரும் சீட்டுகளை நான் பார்க்கிறேன். முதல் ஊசித் தேதி மேலே எழுதியிருந்தால் ஆறு மாதம் ஆனது யார் கண்ணிலும் படும். ஊசி நோயின் போக்கை மாற்றாது, போட்ட இடத்தில் முடி வந்தாலும் வேறு இடத்தில் புது வட்டம் வரலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். சர்க்கரை உள்ளவர்களிடம் கூடுதலாக ஒன்று: ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறலாம், வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நேரம் இல்லை என்பீர்கள். எனக்கும் தெரியும், ஓ.பி. நாளில் ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. அதனால் எழுதுவதை எங்களிடம் விட்டுவிடுங்கள். மருந்தைக் கலந்த செவிலியருக்குத்தான் அந்தக் கணம் எந்தக் குப்பி, எவ்வளவு சலைன் என்று தெரியும். நீங்கள் சொல்ல, நாங்கள் எழுத, நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும். எங்கள் பிரிவில் ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்திருக்கிறோம், வெற்றிடத்தை நிரப்பினால் இப்படி இருக்கும்:

ட்ரையாம்சினோலோன் 5 மி.கி./மி.லி. (10 மி.கி. குப்பி, பாதி சலைன்). பின்மண்டை, 8 குத்து, 0.8 மி.லி., மொத்தம் 4 மி.கி. மூன்றாவது அமர்வு. மேல் ஓரம் முளைத்துள்ளது, அங்கே போடவில்லை. பள்ளம் இல்லை. அடுத்தது 4 வாரத்துக்கு முன் வேண்டாம்.

இதற்குக் கீழே ஒரு வட்டம் வரைந்து குத்திய இடங்களைப் புள்ளி வைத்துவிடுகிறோம். உங்கள் கிளினிக்கிலும் இதை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம். வேறு ஏதாவது சேர்க்க வேண்டும் என்று தோன்றினால் சேர்த்துக்கொள்ளுங்கள், செறிவை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஊசி மேசையிலிருந்து ஒரு செவிலியர்